ஐந்து தவறுகளும் ஒரு தோசைக்கல்லும்

"இரும்புத் தோசைக்கல்லில் செய்யும் 5 தவறுகள்" என்று ஒரு சகோதரி போட்ட கரோசல் பலராலும் பகிரப்பட்டது. அதே விஷயத்தை நானும் எழுத நினைத்தேன். முதல் வரைவில் அவருடைய சொற்களை மட்டும் மாற்றியிருந்தேன். அதே ஐந்து தவறுகள், அதே வரிசை. வார்த்தை வேறானாலும் அது நகல்தான் என்று புரிந்து, அழித்துவிட்டேன்.

பிறகு அவர் பதிவை மூடிவிட்டு, அதற்குள் இருக்கும் கேள்வியை மட்டும் தாளில் எழுதினேன்: "முதல் தோசை ஏன் சரியாக வருவதில்லை?" அதற்கு என் அடுப்படியில் பார்த்ததை மட்டும் பதிலாக எழுதினேன். கல் அதிகம் காய்ந்தால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். தண்ணீர் தெளித்து, வெங்காயத்தால் தேய்த்தால் சூடு தணியும்.

பட்டியல் கதையானது. ஒரே காலை, ஒரே கல், முதல் தோசையிலிருந்து நான்காவது வரை, தோசைக்கு ஒரு சிலைடு. படங்களும் என்னுடையவை.

முடித்த பிறகே அவருடையதைத் திறந்து ஒப்பிட்டேன். என் கடைசி சிலைடின் வரி அவர் வரியைப் போலவே இருந்தது, மாற்றி எழுதினேன். யோசனை அவரிடமிருந்து வந்தது என்று சொல்லி, அவரை டேக் செய்தேன்.