‘நீங்கள்’ எப்போது ‘நீர்’ ஆனது?

பத்திரிகையின் ஞாயிறு இலக்கியப் பக்கத்தைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், கதைகளைத் திருத்தச் சொல்லி இன்றும் சிலர் எனக்கு அனுப்புவதுண்டு. சென்ற ஆண்டு கப்பல்துறையிலிருந்து ஒரு சிறுகதை மின்னஞ்சலில் வந்தது. எழுதியவர் ஓர் ஆசிரியை, என் நீண்டகால நண்பர். ‘எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கோ. முடிவு சரியோ எண்டும் சொல்லுங்கோ’ என்று இரண்டே வரிகள் எழுதியிருந்தார்.

இரண்டாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள் ஒன்று தெரிந்துவிட்டது. கதையில் வரும் ஆண் பேசும் வசனங்களில் சில, நான் அவருக்கு எழுதியவை.

எங்கள் பழக்கம் 2005 தை மாதம் தொடங்கியது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் திருகோணமலை முகாம்களின் நிலைமையை அறிய ஒருவர் தேவைப்பட்டபோது, நண்பர் ஒருவர் அவருடைய மின்னஞ்சல் முகவரியைத் தந்தார். அவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புவார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். செய்தி முடிந்த பின்பும் கடிதங்கள் முடியவில்லை. படித்த புத்தகம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், 2006இல் மீண்டும் மூண்ட யுத்தம், அதன் பின்னான அமைதி என்று அவை நீண்டன. என் மனைவி அவற்றை என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு, ‘ரீச்சருக்கு நானும் சுகம் கேட்டதா எழுதுங்கோ’ என்பாள். 2014இல் அவள் காலமானாள். இத்தனை ஆண்டுகளில் நானும் ஆசிரியையும் நேரில் கண்டது மூன்று தடவைகள். மூன்றும் ஆட்கள் நிறைந்த இடங்களில்.

கதைக்கு வருகிறேன். ஸ்காபரோவில் இரவு வேலை செய்யும் ஓர் ஆண். கப்பல்துறையில் ஒரு பெண். கனடாவின் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் இருவருக்கும் இடையில் கிடக்கின்றன. அவனுடைய மாலை அவளுக்கு விடியல். பல ஆண்டுகளாக எழுதிக்கொள்கிறார்கள். ‘மருந்து போட்டாச்சோ?’ என்று அவள் கேட்கும்போது, அது ஓர் ஆசிரியையின் பழக்கமா, வேறெதுவுமா என்று அவன் யோசிக்கிறான். அவன் நீண்ட கடிதம் எழுதும்போது, இது எனக்காகவா, இரவு வேலையின் தனிமைக்காகவா என்று அவள் யோசிக்கிறாள். இருவருமே கேட்பதில்லை. கேட்டுப் பிழைத்துப்போனால் இருப்பதும் போய்விடும் என்ற பயம் இருவருக்கும் உண்டு.

இந்தக் கதையில் என்னை நிறுத்திய நுட்பம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் பேச்சுத் தமிழில் முன்னிலைக்கு ‘நீ’யும் ‘நீங்கள்’ என்பதும் மட்டுமல்ல, அவற்றுக்கு நடுவே ‘நீர்’ என்றொரு சொல்லும் உயிரோடு இருக்கிறது. தமிழகத்தில் அது பெரும்பாலும் பழைய நூல்களிலும் நாடகங்களிலும் கேட்கும் சொல். இங்கே கணவன் மனைவியிடமும், ஒத்த வயது நண்பர்கள் தமக்குள்ளும், மூத்தவர் தமக்கு இளையவரிடமும் அதைச் சொல்வார்கள். மரியாதை குறையாது, ஆனால் தூரம் குறையும். ஆகவே ‘நீங்கள்’ என்று எழுதிவந்த ஒருவர் திடீரென ‘நீர்’ என்று எழுதினால், அது ஒரு படி இறங்கி அருகில் வருவதாகும். எந்த வகை அருகு என்பதை அந்தச் சொல் சொல்லாது. தோழனுக்கும் அதே சொல், துணைக்கும் அதே சொல்.

இந்தப் படியில் கால் வைக்கத் துணியாதவர்களுக்குத் தமிழ் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. ‘சாப்பிட்டீர்களா’ என்றால் ‘நீங்கள்’ வந்துவிடுகிறது. ‘சாப்பிட்டீரோ’ என்றால் ‘நீர்’ வந்துவிடுகிறது. ‘சாப்பிட்டாச்சோ?’ என்றால் யாரும் வருவதில்லை. ‘உடம்பு எப்படி?’, ‘நித்திரை வந்துதோ?’, ‘வேலை முடிஞ்சுதோ?’ எல்லாம் இந்த வகைதான். எதிரில் இருப்பவரை என்ன சொல்லி அழைப்பதென்று முடிவு செய்யாதவர்கள் இப்படிப்பட்ட வாக்கியங்களுக்குள் ஒதுங்குவதை, கலியாணம் பேசி முடித்த புதிதில் எந்த வீட்டிலும் கேட்கலாம். ஆசிரியை தம் கதையின் நடுப்பகுதி முழுவதையும் அத்தகைய வாக்கியங்களால் எழுதியிருந்தார். பன்னிரண்டு பக்கக் கதையில் ஐந்து பக்கங்களுக்கு ஒரு முன்னிலைச் சொல்கூட இல்லை. அவசரமாக வாசிப்பவருக்கு அது தெரியாது. ஆனால் அங்கேதான் கதை நடக்கிறது.

அன்றிரவு என் பழைய மின்னஞ்சல்களைத் திறந்தேன். நிருபன் புத்தி, ஆதாரம் தேடினேன். 2014 வரை இருவரும் தடுமாற்றமின்றி ‘நீங்கள்’. மனைவி இறந்து சில மாதங்களின் பின் அந்தச் சொல் மெல்ல மறைகிறது. ‘மருந்து போட்டாச்சோ?’ என்பது அந்தக் காலத்தில்தான் தொடங்குகிறது. 2022இன் மின்வெட்டு நாட்களில் ஒருநாள், இருட்டில் இருந்து கைபேசியில் எழுதிய ஒரு சிறு செய்தியில், ‘நீர் இன்னும் முழிச்சிருக்கிறீரோ?’ என்று இருந்தது. அதற்கு நான் ‘ஓம், நீரும்தானே’ என்று பதில் எழுதியிருக்கிறேன். அடுத்த நாள் இருவரும் ‘நீங்கள்’ என்பதற்குத் திரும்பிவிட்டோம், ஒன்றும் நடக்காததுபோல.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒருவர் அன்பாக எழுதுகிறார் என்பதனால் எதுவும் தெரிவதில்லை. சிலர் கடைக்காரருக்கும் ‘அன்புடன்’ என்றே எழுதுவார்கள். அவர் தமது வழக்கத்திலிருந்து எப்போது விலகுகிறார், அந்த விலகல் எல்லோரிடமுமா, என்னிடம் மட்டுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்த அளவுகோலும் எனக்கு உதவவில்லை. விலகல் தொடங்கிய இடத்தில் ஒரு மரணம் இருக்கிறது. மனைவியை இழந்தவனிடம் எவரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அதை நான் இரக்கம் என்று கொள்வதா, வேறொன்று என்று கொள்வதா?

எழுத்தில் குரல் இல்லை என்பது எல்லோரும் சொல்வது. அந்தக் குறை நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். 2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில வாக்கியங்களைக் கேலியாகவும் சிலவற்றை மெய்யாகவும் மின்னஞ்சலில் அனுப்பச் செய்தார்கள். பெறுபவர் நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்கள் எண்ணினார்கள். உண்மையில் 56 தடவைதான் புரிந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். எழுதுபவரின் காதில் அவருடைய குரல் ஒலித்துக்கொண்டிருப்பதால், அது தாளிலும் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். வாசிப்பவரோ தாம் கேட்க விரும்பும் குரலையோ, கேட்கப் பயப்படும் குரலையோ போட்டு வாசிக்கிறார்.

கடிதத்தில் வளரும் நட்புக்கு நம்மிடம் இரண்டு அச்சுகள்தான் உண்டு. ஒன்று, கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். காணாமலே நண்பரானவர்கள், வடக்கிருந்த சோழன் தன் அருகில் அவருக்கு இடம் ஒதுக்கச் சொல்ல, அவரும் வந்து சேர்ந்தார். மற்றையது, 1996இல் வந்த அகத்தியனின் ‘காதல் கோட்டை’. காணாமலே காதலித்து, கடைசியில் புகையிரத நிலையத்தில் கண்டுகொள்கிறார்கள். இரு ஆண்கள் என்றால் முதலாவது, ஆணும் பெண்ணும் என்றால் இரண்டாவது என்று வகுத்துவைத்திருக்கிறோம்.

இந்த இரண்டிலும் அடங்காத ஒன்று வெளியே நடந்திருக்கிறது. நியூயோர்க்கில் இருந்த ஹெலீன் ஹன்ஃப் என்ற எழுத்தாளர், 1949இல் லண்டனின் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் புத்தகம் கேட்டு எழுதினார். அங்கே வேலை செய்த ஃபிராங்க் டோயல் பதில் எழுதினார். ‘அம்மணி’ என்று தொடங்கிய விளிப்பு, பெயரைச் சொல்லி அழைக்குமளவுக்கு வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. கடிதங்கள் 1968 இறுதியில் டோயல் இறக்கும்வரை தொடர்ந்தன. இருவரும் கடைசிவரை சந்திக்கவில்லை. பின்னர் அவருடைய மனைவி ஹெலீனுக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் கடிதங்களை அவர் அவ்வளவு ரசித்ததால் சில வேளைகளில் எனக்குப் பொறாமையாக இருந்தது என்று மறைக்காமல் சொன்னார். அது காதலா என்று வாசகர்கள் இன்னும் கேட்கிறார்கள். கடிதங்களை எத்தனை முறை வாசித்தாலும் பதில் அவற்றுக்குள் இல்லை. அந்த இடத்தை வாசித்தபோதெல்லாம் எனக்கு என் தோளுக்குப் பின்னால் நின்றவளின் நினைவு வரும்.

ஆசிரியையின் கதை இப்படி முடிகிறது. அந்தப் பெண்ணின் தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தவர். இரவில் கப்பலின் விளக்குகளை வாசிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வெள்ளை விளக்கு மட்டும் தெரிந்தால் நங்கூரமிட்டு நிற்கிறது, அல்லது உன்னை விட்டு விலகிப் போகிறது. சிவப்புத் தெரிந்தால் அதன் இடப்பக்கம், பச்சை என்றால் வலப்பக்கம் உன்னை நோக்கி இருக்கிறது. சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால், உன்னை நோக்கி நேரே வருகிறது. கடைசிப் பந்தியில் அவள் கரையில் நின்று ஒரு கப்பலைப் பார்க்கிறாள். எந்த நிறம் தெரிகிறது என்று கதை சொல்லவில்லை.

நான் நான்கு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். ‘முடிவு நன்று’ என்று எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் அவரிடமிருந்து கடிதம் இல்லை. முப்பது ஆண்டுகள் பிறரிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவன், கேட்கவேண்டிய ஒரு கேள்விக்குப் பதிலாக ஒற்றுப்பிழையைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன் என்பது அந்த ஒரு வாரத்தில் உறைத்தது.

எட்டாம் நாள் தொலைபேசியில் அழைத்தேன். நாங்கள் தொலைபேசியில் பேசுவது குறைவு. சுகம் விசாரித்த பிறகு, ‘அந்தக் கப்பலிலை என்ன நிறம் தெரிஞ்சது, ரீச்சர்?’ என்று கேட்டேன். சற்று நேரம் அமைதி. பின்னணியில் மின்விசிறியின் சத்தம் கேட்டது.

‘எனக்குத் தெரியாது. அதுதான் உங்களிட்டை அனுப்பினனான்’ என்றார்.

‘நானும் கன வருசமா யோசிக்கிறன்.’

‘அப்பிடி ஒண்டும் இல்லை எண்டு நான் சொன்னா, கவலைப்படுவீரோ?’

‘நீர்’ வந்துவிட்டதை இருவருமே கவனித்தோம். பொய் சொல்லக் கூடாதென்று யோசித்து, ‘கொஞ்சம்’ என்றேன்.

‘எனக்கும் நீர் அப்பிடிச் சொன்னா, கொஞ்சம்தான்’ என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

ஒரு கொஞ்சத்தை என்ன பெயரிட்டு அழைப்பதென்று நாங்கள் அதற்கு மேல் பேசவில்லை. அவர் கப்பல்துறையை விட்டு வரப்போவதில்லை, நான் கொழும்பை விட்டுப் போகப்போவதில்லை. ஆனால் அந்த அழைப்பின் பிறகு ‘சாப்பிட்டாச்சோ’ நின்றுவிட்டது. ‘சாப்பிட்டீரோ’ என்றே இருவரும் எழுதுகிறோம்.

இதைப் பதிவிடுமுன் அவருக்கு அனுப்பினேன். ஒப்புக்கொண்டு திருப்பி அனுப்பினார். இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தியிருந்தார்.