மூணாவது விநாடியில் முதுகைக் காட்டினார்கள்!

திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைப் பற்றி 40 விநாடி வீடியோ போட்டேன். யூடியூப் ஸ்டுடியோவில் கிராஃபைப் பார்த்தால், 3-வது விநாடிக்குள் நூற்றுக்கு 45 பேர் எஸ்கேப்! அங்கே என்ன இருக்கிறது? "வணக்கம் நண்பர்களே" என்று இளிக்கும் என் மூஞ்சி.

அப்புறம் கோடு மெதுவாகச் சாய்கிறது. அது எல்லா வீடியோவுக்கும் சகஜம். 22-ல் சின்ன மேடு. சாவி திரும்பும் இடத்தை ஜனங்கள் மறுபடி பார்த்திருக்கிறார்கள். 34-ல் திடீர்ப் பள்ளம்: "ஆகவே நண்பர்களே..." முடியப்போகுதுன்னு தெரி�்சதும் கிளம்பிட்டாங்க.

கோடு 'எங்கே' என்றுதான் சொல்லும்; 'ஏன்' என்பதற்கு அந்த விநாடியை நாமேதான் போட்டுப் பார்க்கணும்.

வணக்கத்தை வெட்டி, சாவியில் ஆரம்பித்து மறுபடி போட்டேன். 3-வது விநாடியில் 78 பேர் இருந்தார்கள்!

"பார்த்தியா?" என்றேன் மனைவியிடம்.

"மூஞ்சியை எடுத்துட்டீங்கள்ல!" என்றாள்.