கால்மேல் கால்

யார் முன்னால் யார் கால்மேல் கால் போட்டு உட்காரலாம் என்பதற்கு நம் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. மாமனார் முன்னால் மருமகள் போடக் கூடாது. முதலாளி முன்னால் வேலைக்காரர் போடக் கூடாது. 2018இல் சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் மூன்று தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அவர்கள் தரப்பு இளைஞர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததும் பகைக்கு ஒரு காரணமாகச் செய்திகளில் சொல்லப்பட்டது. வீட்டிலோ இந்தச் சட்டத்தை முதலில் கற்பவர்கள் பெண் குழந்தைகள். "காலை இறக்கு" என்பது நான் சிறுமியாக இருந்தபோது அதிகம் கேட்ட கட்டளைகளில் ஒன்று.

கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டேன். அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் அப்படியே உட்கார்ந்தேன். வகுப்பிலும் கூட்ட மேடையிலும் துறைத்தலைவர் அறையிலும் அப்படித்தான். உடல் அதைத் தன் இயல்பாகவே ஆக்கிக்கொண்டது.

நாற்பத்தாறாம் வயதில், ஒரு ஏப்ரல் மாதம், என் வலது பாதம் தொங்கிப்போனது.

முதலில் செருப்புதான் காட்டிக்கொடுத்தது. வலது கால் செருப்பு நடக்கும்போது கழன்று பின்னால் கிடக்கும். நான் நான்கு எட்டு போயிருப்பேன். பிறகு புடவையின் கொசுவத்தில் பெருவிரல் மாட்டத் தொடங்கியது. புடவை கட்டுபவர்களுக்கு இது ஒரு சிக்கல். தடுக்கினால் புடவையைத்தான் குறை சொல்வோமே தவிரக் காலைச் சந்தேகிக்க மாட்டோம். நானும் கொசுவத்தை இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டினேன். எங்கள் துறை உதவியாளர் அக்காதான் ஒருநாள் சொன்னார்: "மேடம், ஒங்க வலது கால் மட்டும் தனியா சத்தம் போடுது." நடந்து பார்த்தேன். இடது பாதம் குதிகாலை ஊன்றி மெல்லப் படிந்தது. வலது பாதம் 'டப்'பென்று பலகைபோல விழுந்தது. விரல்கள் தரையில் உரசாமல் இருக்க, முழங்காலை வழக்கத்தைவிட உயரத் தூக்கிக்கொண்டிருந்தேன், படியேறுவதைப்போல.

வலி துளியும் இல்லை. குளிக்கும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும் பாதத்தின் மேற்பக்கமும் மரத்திருந்தன. சோப்பு போடும்போது வேறொருவர் காலைக் கழுவிவிடுவதுபோல் இருந்தது.

உங்கள் முழங்காலின் வெளிப்பக்கத்தில், மூட்டுக்குச் சற்றுக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். ஒரு எலும்பு முடிச்சு தட்டுப்படும். கீழ்க்காலில் உள்ள இரண்டு எலும்புகளில் மெல்லியதன் தலை அது. அந்தத் தலைக்குக் கீழே, கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டதுபோல், ஒரு நரம்பு வளைந்து முன்பக்கம் வருகிறது. அதற்குப் பெயர் காமன் பெரோனியல் நரம்பு. இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கும் பெருநரம்பு முழங்காலுக்கு மேலே இரண்டாகப் பிரியும்போது வெளிப்பக்கம் வரும் கிளை இது. பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்குவதும் பாதத்தை வெளிப்புறம் திருப்புவதும் இதன் வேலை. கீழ்க்காலின் வெளிப்பக்கத்துக்கும் பாதத்தின் மேற்பக்கத்துக்கும் உணர்ச்சி தருவதும் இதுதான். தொடைக்குள் தசைகளுக்கு நடுவே பத்திரமாக வந்த நரம்பு, அந்த முடிச்சருகே மட்டும் எலும்புக்கும் தோலுக்கும் இடையில் கிட்டத்தட்ட வெளியிலேயே கிடக்கிறது. முழங்கை இடிபட்டால் சுண்டுவிரல்வரை 'சுர்'ரென்று ஓடுகிறதே, அங்கும் ஒரு நரம்பு இப்படித்தான் எலும்பை ஒட்டிக் கிடக்கிறது.

வலது காலை இடது கால்மேல் போடும்போது, அந்த வலது முடிச்சின் கழுத்து இடது முழங்காலில் அழுந்துகிறது. கொஞ்ச நேரமானால் கால் மரக்கும், எழுந்து உதறினால் சரியாகும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் அழுந்தினால் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள உறை அந்த இடத்தில் சேதமாகும். இழை அறுந்திருக்காது, ஆனால் செய்தி அந்த இடத்தைத் தாண்டாது. அதற்கு முந்தைய வாரம் நான் ஆறு நாள் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். காலையும் மாலையும் ஒரே நாற்காலியில், ஒரே கால்மேல் ஒரே கால்.

அப்படியானால் இருபத்தைந்து ஆண்டுகள் ஏன் எதுவும் ஆகவில்லை? இதற்கு விடை என் புடவை ரவிக்கைகளில் இருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதால் சோற்றைக் குறைத்து, நடந்து, 5 மாதத்தில் 11 கிலோ இளைத்திருந்தேன். எதிர்ப்படும் எல்லோரும் பாராட்டினார்கள். பெண் இளைப்பதைவிடப் பெரிய சாதனை இல்லை என்பதுபோல் வாழ்த்தினார்கள். அந்த முடிச்சருகே நரம்புக்கு மெத்தையாக இருந்த கொஞ்சம் கொழுப்பும் அதோடு கரைந்திருந்தது. வேகமாக இளைத்தவர்களுக்கு இந்த நரம்பு அழுந்துவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்று.

முதலில் பார்த்த மருத்துவர், "முதுகில் டிஸ்க் நகர்ந்து நரம்பை அழுத்துகிறது" என்றார். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. நாற்பது தாண்டிய பலருக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே, படத்தில் அப்படித் தெரியும். ஆனால் படத்தில் ஒன்று தெரிந்துவிட்டால் காலைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. படுக்கை ஓய்வும் இடுப்பு பெல்ட்டும் எழுதித் தந்தார்கள்.

நரம்பியல் மருத்துவரான ஒரு பெண்மணிதான் படத்தை ஓரமாக வைத்துவிட்டுக் காலைப் பார்த்தார். நுனிவிரலில் நிற்கச் சொன்னார், நின்றேன். குதிகாலில் நிற்கச் சொன்னார், வலது பாதம் எழவில்லை. பாதத்தை வெளிப்புறம் திருப்பச் சொன்னார், பலமில்லை. பிறகு உள்ளங்கையை என் பாதத்தின் உள்விளிம்பில் வைத்து, "என் கையை உள்பக்கமாகத் தள்ளுங்க" என்றார். தள்ளினேன், அவர் கை விலகியது. "இது முதுகு இல்லை" என்றார்.

அந்த ஒரு தள்ளலில் என்ன இருக்கிறது என்பதை அவர் விளக்கியபோது எனக்கு ஒரு நல்ல உரையாசிரியரைக் கேட்பதுபோல் இருந்தது. பாதத்தைத் தூக்கும் தசைக்கும் உள்பக்கம் திருப்பும் தசைக்கும் முதுகில் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்துதான் கட்டளை வருகிறது. ஆனால் முழங்காலை நெருங்கும்போது பாதை பிரிகிறது. தூக்கும் தசைக்கு பெரோனியல் நரம்பு வழியாகவும், உள்பக்கம் திருப்பும் தசைக்கு மற்றொரு கிளை வழியாகவும் கட்டளை போகிறது. வேரில் கோளாறு என்றால் இரண்டுமே தளரும். உள்பக்கத் தசை பலமாக இருந்து, தூக்கும் தசை மட்டும் தளர்ந்தால், கோளாறு பெரும்பாலும் பாதை பிரிந்த பிறகுதான்.

பிறகு அந்த முடிச்சின் கீழே விரலால் தட்டினார். பாதம்வரை மின்சாரம் ஓடியது. நரம்பைத் தோலின்மேல் உருட்டிப் பார்த்தார், உடம்பில் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று தேடினார். நம் நாட்டில் தொழுநோய் இந்த நரம்பைத் தடிக்கச் செய்வதால் அதைப் பார்க்காமல் விடக் கூடாதாம். சர்க்கரைக்கும் சோதித்தார். கடைசியாக இரண்டு கேள்விகள் கேட்டார். "எடை குறைஞ்சிருக்கா? எப்படி உட்காருவீங்க?" என் காலை அவரே எடுத்து மறு கால்மேல் வைத்து, முடிச்சு அழுந்தும் இடத்தைக் காட்டினார்.

மூன்றாம் வாரத்தில் நரம்பில் மின்னோட்டம் செலுத்திச் சோதித்தார்கள். கணுக்காலில் கொடுத்த தூண்டல் பாதத்தின் தசைக்கு நன்றாகப் போனது. முடிச்சுக்குக் கீழே கொடுத்ததும் போனது. முடிச்சுக்கு மேலே கொடுத்தபோது மட்டும் தசை சோம்பலாக அசைந்தது. இழைகள் பெரும்பாலும் அறுபடவில்லை, இடையில் ஓரிடத்தில் அடைப்பு, அவ்வளவுதான் என்று அதற்குப் பொருள். உறை சரியாகச் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள் ஆகும். இழையே அழிந்திருந்தால் கதை வேறு. அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் மறுபடி வளரும். முழங்காலிலிருந்து போய்ச் சேர ஓராண்டுகூட ஆகலாம், முழுமையாகத் திரும்பும் என்று சொல்லவும் முடியாது.

செய்தி வீட்டில் பரவியதும் பெரியம்மா தொலைபேசியில் சொன்னார்: "பொம்பளப் புள்ள கால்மேல கால் போடக் கூடாதுன்னு அப்பவே சொன்னேன்ல?" அவர் குரலில் வெற்றி இருந்தது. இதை அப்படியே அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன்னிடம் இதே குறையோடு வருபவர்களைப் பற்றிச் சொன்னார். குத்தவைத்துக் களையெடுப்பவர்கள். நாள் முழுக்கக் குந்தியபடி செங்கல் அறுப்பவர்கள். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு இறுக்கமாகிப் போனவர்கள். மெலிந்து நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள். வெகுநேரம் குந்தும்போது, மடங்கிய முழங்காலில் தசைகளுக்கும் எலும்புக்கும் நடுவே அதே நரம்பு அதே இடத்தில் நசுங்குகிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்ட்ராபெர்ரி பறிப்பவர்களின் வாதம்' என்றே ஒரு பெயர் உண்டு.

குந்தி உட்கார்வதை நம் ஊரில் யாரும் திமிர் என்று சொன்னதில்லை. அது பணிவின் உட்கார்வு, உழைப்பின் உட்கார்வு. நரம்புக்கு இந்த வேறுபாடு தெரியாது. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. மாமனாருக்கும் அதே இடத்தில் அதே நரம்புதான். "காலை இறக்கு" என்ற கட்டளை நரம்பைக் காப்பதற்காகப் பிறந்திருந்தால் அது ஆண்களுக்கும் சொல்லப்பட்டிருக்கும். களையெடுக்கும் பெண்களை அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கும்.

சிகிச்சையில் பெரிய மருந்தொன்றும் இல்லை. குணமாகும்வரை கால்மேல் கால் கூடாது, குந்தவும் கூடாது. பாதத்தைச் செங்கோணத்தில் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கெண்டைக்காலோடு கட்டிக்கொண்டு, மேலே ஷூ போட்டேன். தடுக்கி விழாமலிருக்க அது உதவியது. தொங்கும் பாதத்தை அப்படியே விட்டால் குதிகால் தசைநாண் இறுகிவிடும் என்பதால் தினமும் துண்டை உள்ளங்காலில் மாட்டி இழுத்துப் பயிற்சி செய்தேன். முழங்காலின் வெளிப்பக்கம் கட்டிலிலோ பட்டையின் விளிம்பிலோ அழுந்தாமல் பார்த்துக்கொண்டேன். மரத்த தோல் சூட்டையும் வெட்டையும் சொல்லாது என்பதால் இரவில் விளக்கடியில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது வழக்கமானது. ஐந்தாம் வாரம் பெருவிரல் ஒரு நூல் எழுந்தது. பத்தாம் வாரம் குதிகாலில் நடந்தேன். மரப்பு மட்டும் மெல்லச் சுருங்கி, இன்று கட்டைவிரல் அகலத்துக்கு நிற்கிறது.

எல்லாத் தொய்வும் இப்படி முடிவதில்லை. பாதம் தொங்குவதோடு கையோ முகமோ பேச்சோ கோணினாலும், சிறுநீர் அடைத்தாலும் கட்டுப்பாடின்றிப் போனாலும், இரண்டு பாதமும் தளர்ந்தாலும், அடிபட்ட பின் தொங்கினாலும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அழுத்தத்தை விலக்கியும் மூன்று நான்கு மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால், முடிச்சருகே நீர்க்கட்டி ஏதும் நரம்பை நெருக்குகிறதா என்று படமெடுத்துப் பார்க்க வேண்டும்; சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

இப்போது கூட்டங்களில் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி உட்காருகிறேன். பார்ப்பவர்கள் வயது வந்ததும் அடக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளலாம். நன்றாகக் குணமான பிறகு, இனி ஒருபோதும் போடவே கூடாதா என்று மருத்துவரிடம் கேட்டேன். "அஞ்சு நிமிஷத்துல நரம்புக்கு ஒண்ணும் ஆகாது, மணிக்கணக்கா வேண்டாம்" என்றார்.

சில அறைகளில், சிலர் முன்னால், ஐந்து நிமிடம் தாராளம்.