காதின் மேல்விளிம்பில் ஒரு துளை



என் நன்னிக்கு ஒவ்வொரு காதிலும் மேல்விளிம்பு வரை வரிசையாகத் துளைகள் இருந்தன. அவற்றில் அலுக்கத்து அணிந்திருந்ததாகச் சொல்வார்கள். நான் பார்த்த காலத்தில் துளைகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஆதலால், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகள் காதின் மேல்விளிம்பில் ஒரு சிறு கல் பதித்த திருகாணி போட்டுக்கொள்ள விரும்பியபோது எனக்கு அதில் புதுமை எதுவும் தோன்றவில்லை. ஆவடியில் நடக்கவிருந்த உறவினர் நிகாஹ்வுக்குப் பத்து நாட்களுக்கு முன், ஒரு ஞாயிறு மாலை, அம்பத்தூரில் ஓர் அலங்காரப் பொருள் கடைக்கு அழைத்துச் சென்றேன். துப்பாக்கி போன்ற கருவியால் ஒரே நொடியில் குத்தி முடித்துவிட்டார்கள். அந்தத் துளைக்கும் சோணையில் இடும் துளைக்கும் உள்ள வேறுபாட்டை நான் அன்று அறிந்திருக்கவில்லை.

காதின் சோணை தோலும் கொழுப்பும் மட்டும் கொண்டது. அதில் இரத்த ஓட்டம் மிகுதி. எனவே ஆறு முதல் எட்டு வாரங்களில் துளை ஆறிவிடும். சிறு தொற்று வந்தாலும் உடலே அதைப் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். சோணைக்கு மேலே விறைப்பாக நிற்கும் பகுதியோ குருத்தெலும்பு. அதற்கென்று தனி இரத்தக் குழாய்கள் கிடையாது. அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உறையிலிருந்தே அதற்கு உணவு கசிந்து செல்கிறது. உறைக்கும் குருத்தெலும்புக்கும் இடையே சீழ் தேங்கினால் இரண்டும் பிரிந்துவிடும். உணவு நின்ற குருத்தெலும்பு மடியத் தொடங்கும். மடிந்த பகுதி திரும்ப வளராது. காது சுருங்கிக் கசங்கிய வடிவில் நின்றுவிடும். மூக்கின் பக்கவாட்டில் குத்தும்போதும் ஊசி குருத்தெலும்புக்கு மிக அருகில் செல்வதால், அங்கும் இதே விழிப்பு தேவை. (பச்சை குத்துவது நமக்கு விலக்கப்பட்ட செயல் என்பதால் அதை இங்கே பேசவில்லை.)

முதல் மூன்று நாட்கள் துளையைச் சுற்றி ஒரு பட்டாணி அளவுக்குச் சிவப்பு, தொட்டால் வலி, காலையில் திருகாணியைச் சுற்றி வெளிறிய பொருக்கு. இவையெல்லாம் ஆறும் புண்ணின் இயல்புகளே. நிறமற்ற அல்லது சற்று வெண்மையான நீர் கசிந்து காய்ந்துதான் அந்தப் பொருக்கு உண்டாகிறது. அது சீழ் அன்று. நானோ அதைக் கண்டு பதறி, மஞ்சளைக் குழைத்துத் தேங்காய் எண்ணெயுடன் பூசினேன். திருகாணியை நாளுக்கு இரண்டு முறை சுழற்றியும் விட்டேன். பூச்சு துளையின் வாயை அடைத்தது. சுழற்றியது ஆறத் தொடங்கிய தோலைக் கிழித்தது. போதாக்குறைக்கு, நாள் முழுவதும் ஹிஜாபின் மடிப்பும் வியர்வையும் அதே இடத்தில் உரசிக்கொண்டிருந்தன.

ஐந்தாம் நாள் முதல் வலியின் போக்கு மாறியது. அதுவரை நாளுக்கு நாள் குறைந்து வந்த வலி திரும்ப ஏறத் தொடங்கியது. இரவில் அந்தப் பக்கம் தலையணையில் சாய்க்க முடியவில்லை. ஆறாம் நாள் காதின் மேற்பாதி சூடாக இருந்தது. தெருமுனை மருந்துக் கடையில் காட்டினேன். கடைக்காரர் எட்ட நின்றே பார்த்துவிட்டு, “சாதாரண இன்பெக்‌ஷன்தான் அம்மா, ஐந்து நாள் போடுங்கள், சரியாகிவிடும்” என்று அமாக்சிசிலின் மாத்திரைகளைக் கொடுத்தார். நானும் மனநிறைவோடு வாங்கி வந்தேன். மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள், அதாவது குத்தி ஒன்பதாம் நாள், காதின் மடிப்புக் கோடுகளே மறைந்து மேற்பகுதி முழுவதும் பளபளவென்று வீங்கி, காது தலையிலிருந்து விலகி நின்றது. உடம்பில் காய்ச்சலும் இருந்தது. மறுநாள் நிகாஹ்வுக்கு நாங்கள் செல்லவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலுள்ள ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றோம்.

அந்த அம்மையார் முதலில் செய்தது மிக எளிய சோதனை. துளையை அவர் பார்க்கவில்லை, சோணையைத்தான் பார்த்தார். காது முழுவதும் சிவந்திருக்க, சோணை மட்டும் பழைய நிறத்தில், மென்மையாக, வலியின்றி இருந்தது. “இதைப் பாருங்கள். தோலில் மட்டும் தொற்று இருந்தால் சோணையும் சேர்ந்து சிவந்திருக்கும். சோணையில் குருத்தெலும்பு இல்லை. அதனால்தான் அது தப்பியிருக்கிறது. தொற்று குருத்தெலும்பின் உறையில் இருக்கிறது” என்றார். பிறகு மடலின் மேற்பகுதியை மெல்ல வளைத்தார். துளையிலிருந்து விலகிய இடத்தைத் தொட்டதற்கே மகள் துடித்துவிட்டாள். இந்த இரண்டையும் வீட்டிலேயே எவரும் பார்க்கலாம்.

நான் அமாக்சிசிலின் அட்டையை நீட்டினேன். அவர் தலையசைத்தார். மேற்காதில் குத்திய துளைகளில் பெரும்பாலும் நுழைவது சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா. குழாய், தொட்டி, ஈரமான பாட்டில், நனைந்த துணி போன்றவற்றில் வாழ்வது அது. அமாக்சிசிலின் அதைத் தொடவே தொடாது. சோணைத் தொற்றுக்கும் தோல் தொற்றுக்கும் வழக்கமாகத் தரும் செஃபலெக்சினும் அப்படியே. நாங்கள் மாத்திரை போட்ட மூன்று நாட்களும் தொற்றுக்குத் தடையில்லாமல் கிடைத்த மூன்று நாட்கள்.

அன்றே மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒரு சிறு கீறல் இட்டுச் சீழை வடித்தார். திருகாணியை எடுத்தார். உறை மீண்டும் குருத்தெலும்போடு ஒட்டும்படி அழுத்தக் கட்டுப் போட்டார். சீழ் தேங்கிவிட்ட பின் எந்த மாத்திரையும் தனியாகப் போதாது என்பதை அப்போது அறிந்தேன். சீழில் கொஞ்சம் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் சிப்ரோஃப்ளாக்சசின் தொடங்கினார். பாலோ, தயிரோ, கால்சியம் மாத்திரையோ அதனுடன் சேர்ந்தால் மருந்து உடலில் சேராது. குதிகால் நரம்பிலோ மூட்டிலோ வலி கண்டால் உடனே நிறுத்திவிட்டு வரவேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இதை மருத்துவர் எடைபோட்டே தருவார். இவற்றை எல்லாம் எழுதியே கொடுத்தார். மூன்றாம் நாள் வந்த அறிக்கையில் சூடோமோனாஸ் என்று இருந்தது.

கடையில் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன். அவர் ஒரு நிகழ்வைச் சொன்னார். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், நகை விற்கும் ஒரு சிறு கடையில் காது குத்திக்கொண்டவர்களில் ஏழு பேருக்கு இதே கிருமி உறுதியானது. ஏழு பேருக்கும் குத்தியது மேற்காதில். சிலருக்குக் காதின் வடிவமே கெட்டது. தேடிப் பார்த்தபோது, சுத்தம் செய்வதற்கென்று வைத்திருந்த கிருமிநாசினித் தெளிப்பானிலேயே கிருமி இருந்தது. எங்கள் கடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கருவி மழுங்கிய திருகாணியை விசையால் உள்ளே தள்ளுவதால் குருத்தெலும்பு நசுங்குகிறது என்பதும், நெகிழி பாகங்கள் கொண்ட கருவியை நீராவியில் கொதிக்கவைத்துத் தூய்மை செய்ய முடியாது என்பதும் இப்போது தெரியும். மேற்காதில் குத்த வேண்டுமானால், ஒருமுறை மட்டும் பயன்படும் உட்குழல் ஊசியால்தான் குத்தவேண்டும்.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. கிருமி வாழ்வது ஈரத்தில். நாம் நாளுக்கு ஐந்து முறை உளூச் செய்கிறோம். எங்கள் பள்ளிவாசல் இமாம் விளக்கினார்: ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் உளூவில் காதை ஈரக்கையால் தடவுவது சுன்னத்; விட்டால் உளூ கெடாது. அதனால் ஆறும் வரை அந்தக் காதை அவள் தொடவே வேண்டியதில்லை. குளிப்பு கடமையாகும்போது தண்ணீர் புண்ணுக்குக் கேடு தரும் என்றால் என்ன செய்வது என்பதில் இரு மத்ஹபுகளுக்கும் முறை வேறுபடுகிறது. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் அபூதாவூதில் வரும் ஒரு செய்தியையும் நினைவூட்டினார். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. சலுகை உண்டா என்று கேட்டார். உடனிருந்தவர்கள் அறியாமலே இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துவிட்டார். அறியாதவர்கள் கேட்டிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். நான் மருந்துக் கடையின் முன் நின்ற அந்த மாலையை நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நேர்மாறாக, அடுத்த மாதமே என் தங்கை தன் சின்ன மகளோடு வந்தாள். கவரிங் தோடு போட்டதும் இரு சோணைகளும் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் கண்டு, பொறுக்க முடியாத அரிப்பு. “அக்கா, உன் மகளுக்குக் கொடுத்த மாத்திரை மீதி இருக்கிறதா?” என்று கேட்டாள். நான் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை, காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. வலியைவிட அரிப்பே மிகுதி. சிவப்பும் தோடு படும் இடத்தோடு நின்றிருந்தது. இரு காதிலும் ஒரே நாளில் ஒரே மாதிரி வந்ததே பெரிய அடையாளம்: அது நிக்கல் என்னும் உலோகத்தால் வந்த ஒவ்வாமை. தோட்டைக் கழற்றியதும் சில நாட்களில் அடங்கியது. ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் வீணாகப் போயிருக்கும். அது புதிய துளை அன்று என்பதால் தயங்காமல் கழற்றினோம். புதுத் துளையின் சோணையில் தொற்று இருந்தால், தோட்டை நாமாகக் கழற்றினால் வாய் மூடிச் சீழ் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மருத்துவர் சொன்ன பிறகே கழற்றவேண்டும்.

புதுத் துளைக்கு இப்போது எங்கள் வீட்டில் செய்வது இவ்வளவுதான்: ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து, ஆறவைப்பது; அல்லது மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன். அதில் சுத்தமான பஞ்சுத் துணியை நனைத்து, கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின், நாளுக்கு இரண்டு முறை பொருக்கின் மேல் சில நிமிடம் வைத்து, உலர ஒற்றிவிடுவது. சுழற்றுவதில்லை. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள், எண்ணெய் எதுவும் இல்லை. சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு வைக்கிறோம். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தாலோ, வலி நேற்றைவிடக் கூடியிருந்தாலோ, மஞ்சள் பச்சை நிறச் சீழ் வந்தாலோ மருத்துவரிடம் போகிறோம். சோணையில் சிறு தொற்று என்றால் அவர் தரும் களிம்பே போதுமானதாக இருக்கலாம். மேற்காது வீங்கினால் மட்டும் அன்றே செல்கிறோம். மறுநாள் வரை காத்திருப்பதில்லை.

என் மகளின் காது ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மேல்விளிம்பில் ஒரு கடுகு அளவுக்குக் குழி இருக்கிறது. விரலால் தடவினால் தெரியும். ஹிஜாப் அணிந்தால் தெரியாது. நன்னியின் காதுகளைப் பற்றி நான் இப்போது வேறு விதமாக நினைக்கிறேன். அத்தனை துளைகளில் எத்தனை சீழ் பிடித்தன, எத்தனை இரவு அவர் உறங்காதிருந்தார் என்று நாங்கள் யாரும் அவரைக் கேட்டதில்லை.