ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை அண்டிய ஊர்களில் பள்ளி இறுதித் தேர்வெழுதும் பிள்ளைகளுள் சிலருக்கு ஞாயிறுதோறும் தலைவலி வருவதுண்டு. தாய்மார் திருஷ்டி கழிப்பர்; தந்தையர் கண்ணாடிக் கடைக்கு அழைத்துச் செல்வர். வாரம் முழுதும் இரவெல்லாம் படித்தபோது தாளாத வலியன்று, ஓய்வு நாளில் வருவதேன் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

அத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். மகன் திங்கள் முதல் சனி வரை டியூஷன் போகும் வழியில் மாலை ஏழு மணிக்கு ஒரு சிறு பாட்டில் எனர்ஜி டிரிங்க் அருந்துகிறான். இரவு பதினொரு மணிக்கு இன்னொன்று. 250 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 70 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். அதில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே புத்தகத்தை மூடிய பின்னும் உறக்கம் வாராது, கை தானாகவே கைப்பேசியைத் தேடும், மணி ஒன்றாகும். மார்கழியில் நாலரைக்கே எழுப்பித் திருப்பாவை கேட்க அழைத்துச் சென்றால், எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்க வேண்டிய வயதில் மூன்றரை மணி நேரமே மிஞ்சும். முற்காலத்தில் வைகறையில் எழுந்தோர் விளக்கு வைத்த சிறிது நேரத்திலேயே படுத்தவர்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஞாயிறன்று டியூஷன் இல்லை, பாட்டிலும் இல்லை. காஃபீனுக்குப் பழகிய உடலில் அது நின்ற 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மூளையின் இரத்தக் குழாய்கள் விரிந்து தலைவலி தொடங்கும். சனி இரவு பதினொன்றிலிருந்து எண்ணினால் ஞாயிறு நண்பகல் தாண்டிய வேளை. திங்கள் மாலை முதல் பாட்டிலை அருந்திய ஒரு மணிக்குள் வலி விட்டால் காரணம் ஏறக்குறைய உறுதி. பாட்டில்தான் மருந்து என்று பிள்ளை நம்பிவிடுவதும் அதனால்தான்.

இதை ஒரே நாளில் பிடுங்கி எறிந்தால் வலி ஒரு வாரம் வரை நீடிக்கும். முதலில் பதினொரு மணிப் பாட்டிலை விடச் செய்யலாம். நான்கைந்து நாள் கழித்து மாலைப் பாட்டிலைப் பாதியாக்கி, பிறகு நிறுத்தலாம். குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருப்பதை அவனையே படிக்கச் சொல்லலாம். பத்து மணிக்கு வீட்டார் அனைவரின் கைப்பேசியும் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். ஷிப்ட் முடிந்து வரும் தந்தை தம்முடையதை மட்டும் படுக்கைக்குக் கொண்டுபோனால் இந்த ஏற்பாடு இரண்டு நாளும் தாங்காது. அவர் வந்ததும் மதிப்பெண்ணைக் கேளாமல் சாப்பிட்டாயா என்று கேட்பதும் சிகிச்சையில் ஒரு பகுதியே.

வலி மாத்திரை பழக்கமாகிவிடக் கூடாது. மாதத்தில் பாதி நாட்கள் விழுங்கினால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வலி திடீரென உச்சத்துக்கு ஏறினாலோ, விடியலில் எழுப்பி வாந்தி எடுக்க வைத்தாலோ, பார்வை மங்கினாலோ, காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலோ இந்தக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு அன்றே பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.