ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு எத்தனை பேரல் கச்சா எண்ணெய்?

காலை டியூட்டி என்றால் எனக்கு முதல் வேலை இரண்டு செய்திகள். ஒன்று இன்றைய தங்கம் விலை, இன்னொன்று இன்றைய பெட்ரோல், டீசல் விலை. நாலு வரி எழுதி, பழைய படத்தைச் சேர்த்து ஏற்றிவிட்டால் அடுத்த அரை மணி நேரத்தில் இரண்டையும் நிறைய பேர் படித்திருப்பார்கள். இரண்டும் தனித்தனிச் செய்திகளாகவே போகும். ஆனால் உலகச் சந்தையைக் கவனிப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றால் ஒன்றை வகுத்துப் பார்ப்பது உண்டு.

கணக்கு சுலபம்தான். ஒரு அவுன்ஸ் தங்கத்தின் டாலர் விலையை, ஒரு பேரல் கச்சா எண்ணெயின் டாலர் விலையால் வகுக்க வேண்டும். அவுன்ஸ் என்பது 31.1 கிராம், கிட்டத்தட்ட நாலு சவரன். பேரல் என்பது 159 லிட்டர். வகுத்து வரும் எண், அந்த நாலு சவரனை விற்றால் எத்தனை பேரல் எண்ணெய் வாங்கலாம் என்று சொல்கிறது. மேலும் டாலர் கீழும் டாலர் என்பதால், வகுக்கும்போது டாலர் அடிபட்டுப் போய்விடும். ரூபாய் நோட்டோ டாலர் நோட்டோ இளைத்துப்போனாலும், இந்த எண் பொருளுக்குப் பொருள் என்ன மதிப்பு என்பதை மட்டும் காட்டும்.

இந்த எண்ணுக்கு உயிர் இருந்த காலம் என்று நான் நினைப்பது 1971 முதல் 1974 வரையிலான மூன்று வருடங்களை.

அதற்கு முன்பு தங்கம் ஒரு அவுன்ஸ் 35 டாலர் என்று அமெரிக்கா கட்டி வைத்திருந்தது. சவுதியின் 'அரேபியன் லைட்' எண்ணெய்க்கு 1960-களில் அறிவிப்பு விலை பேரல் 1.80 டாலர். இந்த அறிவிப்பு விலையை வைத்துத்தான் எண்ணெய்க் கம்பெனிகள் அரபு நாடுகளுக்கு வரி கட்டின. வகுத்துப் பார்த்தால் சுமார் 19 பேரல். பத்து வருடம் இந்தக் கணக்கு பெரிதாக அசையவில்லை.

1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன், இனி டாலருக்குத் தங்கம் தர மாட்டோம் என்று அறிவித்தார். கயிறு அறுந்த பலூன் மாதிரி தங்கம் மேலே போனது. 1973 நடுவில் அவுன்ஸ் 120 டாலரைத் தொட்டது. அரேபியன் லைட் அப்போது 3 டாலருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதாவது ஒரு அவுன்ஸுக்கு 40 பேரல்! எண்ணெய் விற்றவர்கள் பக்கம் நின்று பாருங்கள். அவர்கள் கைக்கு வரும் டாலர் கூடியிருக்கிறது. ஆனால் அதே ஒரு பேரலை விற்று முன்பு வாங்கிய தங்கத்தில் பாதிகூட இப்போது வாங்க முடியவில்லை.

இதை அவர்கள் கவனிக்காமல் இல்லை. டாலர் மதிப்பு குறைந்ததற்கு ஈடாக 8.49 சதவிகித உயர்வு என்று 1972 ஜனவரியில் ஜெனீவாவில் கம்பெனிகளோடு ஒப்பந்தமே போட்டார்கள். தங்கம் ஓடிய வேகத்துக்கு அது போதவில்லை. 1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் வெடித்தது. அக்டோபர் 16 அன்று வளைகுடா நாடுகள் யாரையும் கேட்காமல் விலையை 5.12 டாலராக உயர்த்தின. அன்றைக்குத் தங்கம் 100 டாலரை ஒட்டி இருந்தது. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 20. பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது! இந்த இடத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது. பாடப்புத்தகத்தில் 'எண்ணெய் விலை திடீரென்று உயர்ந்தது' என்று படித்த சம்பவம், தங்கக் கணக்கில் பார்த்தால் விட்டதைப் பிடித்த கதை.

அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. 1974 ஜனவரியில் 11.65 டாலர் ஆக்கினார்கள். விகிதம் சுமார் 11-க்கு இறங்கியது. உலகம் முழுக்க விலைவாசி இதற்குப் பிறகு மேலும் எகிறியது. போரும் அரசியலும் இல்லாமல் இது இந்த வேகத்தில் நடந்திருக்காது. ஆனால் கோபத்துக்கான காரணம் போருக்கு முன்பே அந்த 40 என்ற எண்ணில் தெரிந்துகொண்டிருந்தது.

இப்படி ஒரு கதையைக் கேட்டதும், விகிதம் உச்சத்துக்குப் போனால் அடுத்து எண்ணெய் ஏறும், அடிமட்டத்துக்கு வந்தால் எண்ணெய் இறங்கும் என்று சூத்திரம் போடத் தோன்றும். 2008 ஜூலையில் எண்ணெய் 147 டாலரைத் தொட்டபோது ஒரு அவுன்ஸுக்கு 7 பேரல்கூடக் கிடைக்கவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் எண்ணெய் 40 டாலருக்குக் கீழே விழுந்து, விகிதம் 20-ஐத் தாண்டியது. சூத்திரம் பலித்தது. ஆனால் எத்தனை மாதத்தில் பலிக்கும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

சில நாள் அந்த எண்ணே உடைந்துபோகும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் டபிள்யூ.டி.ஐ எண்ணெய் மைனஸ் 37.63 டாலருக்கு முடிந்தது. கொரோனாவால் வண்டிகள் ஓடவில்லை. மே மாத ஒப்பந்தம் மறுநாள் முடிகிறது. வாங்கி வைத்திருந்தவர்கள் ஓக்லஹோமாவில் உள்ள குஷிங் என்ற ஊரில் எண்ணெயை எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே தொட்டிகளில் இடம் இல்லை. 'காசும் தருகிறேன், எடுத்துட்டுப் போங்க' என்ற நிலை. மைனஸ் எண்ணால் வகுத்தால் வரும் விடைக்கு எந்த அர்த்தமும் கிடையாது. லண்டனின் பிரென்ட் விலையை வைத்துப் பார்த்தால், மறுநாள் விகிதம் 80-ஐத் தாண்டி இருந்தது.

எங்கள் அப்பா மினி லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மாவின் வளையல்கள் வருடத்தில் பாதி நாள் அடகுக் கடையில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் தங்கத்தை டீசலாக மாற்றிக் கணக்குப் போடுவது புதிதல்ல. இந்த 80 பேரல் கதையைச் சொன்னபோது அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப நம்ம பங்க்ல ஏன்மா குறையல?"

சரியான கேள்வி. அந்த ஏப்ரல் முழுக்க சென்னையில் டீசல் 65 ரூபாய் சொச்சத்திலேயே நின்றது. எண்ணெய் நிறுவனங்கள் மார்ச் நடுவிலிருந்து 82 நாள் தினசரி விலை மாற்றத்தையே நிறுத்தி வைத்திருந்தன. மத்திய அரசு மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாயும், மே மாதம் டீசலுக்கு மேலும் 13 ரூபாயும் வரியைக் கூட்டியது. உலகச் சந்தையில் விழுந்த விலை வரியாகக் கஜானாவுக்குப் போய்விட்டது. அம்மாவின் வளையல் வாங்கும் டீசலை அளக்க வேண்டுமென்றால், கச்சா எண்ணெய் விலையை விட்டுவிட்டு பங்க் விலையால்தான் வகுக்க வேண்டும்.

2025 அக்டோபரில் தங்கம் முதல்முறையாக 4,000 டாலரைத் தாண்டியபோது இந்த விகிதம் மறுபடி 60-க்கு மேல் போனது. 2020-ஐப் போலத் தெரிந்தாலும் கதை வேறு. அன்று எண்ணெய் விழுந்தது, தங்கம் ஏறக்குறைய இருந்த இடத்தில் இருந்தது. 2025-ல் எண்ணெய் ஓரளவு இறங்கி 65 டாலர் அருகே இருந்தது. ஓடியது தங்கம். பல நாட்டு மத்திய வங்கிகள் அதை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தன. அதனால் இந்த எண்ணைப் பார்க்கும்போது மேலே உள்ளது நகர்ந்ததா, கீழே உள்ளது நகர்ந்ததா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன். இந்த எண் பழைய இடத்துக்கு இறங்க எண்ணெய் ஏறத்தான் வேண்டும் என்பதில்லை. தங்கம் இறங்கினாலும் போதும். வளையலை அடகு வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.