நான்காவது சுற்று

1952-இல் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பலேறிப் பினாங்குக்குப் போனவன், எழுபதுகளின் கடைசியில்தான் மறுபடி ஜன்மபூமியை மிதித்தேன். இடையில் பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டனர். வீட்டின் மேற்குச் சுவரும் சாய்ந்துவிட்டது. உசிலம்பட்டியில் ரயிலை விட்டிறங்கி மாட்டுவண்டியில் ஆனையூர் வந்து சேர்ந்தபோது, என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு பெயர் சொல்லி அழைத்தவர் எங்கள் தெருவின் சித்தப்பா ஒருவரே. உறவுமுறையில் சித்தப்பாவே தவிர, தகப்பனார் வயதை எட்டிக்கொண்டிருந்தவர். மற்றவர்களுக்கெல்லாம் நான் ‘சபராளி’. அந்த மரியாதையில் ஓர் அந்நியத்தன்மை கலந்திருந்ததை மறைப்பதற்கில்லை.

சித்தப்பாவின் திண்ணையில் படுத்திருந்த எனக்கு விடியலுக்கு வெகு முன்பே விழிப்புத் தட்டியது. கிழவர் கிணற்றடியில் குளித்துவிட்டு, நெற்றி நிறைய நீறு பூசி, எட்டு வயதுப் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். வாலிபத்தில் கமலை இறைத்தவருக்கு மாட்டை ஓட்ட எழுந்த அந்த நேரம் உடம்பில் ஊறிவிட்டது. கிணற்றுக்கு மின்சார மோட்டார் வந்து மாடுகளை விற்ற பின்னும் உறக்கம் திரும்பவில்லை என்றார். நானும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்தொடர்ந்தேன்.

எங்கள் ஊர் ஐராவதேசுவரர் கோயில் பழைய கருங்கல் கோயில். கல்வெட்டுகள் இவ்வூரைத் திருக்குறுமுள்ளூர் என்று குறிக்கின்றன. இந்திரனுடைய வெள்ளை யானை சாபம் நீங்க வந்து பூஜித்த இடம் என்பது ஊரார் ஐதிகம். மதுரையைப் பற்றித் திருவிளையாடற் புராணம் சொல்லும் வெள்ளை யானையின் கதையோடு இதுவும் ஒன்றாகக் கலந்திருக்கலாம். ஆனால் அன்று என் கவனத்தைக் கவர்ந்தது கோயிலல்ல, கிழவரின் நடை. நந்தியின் பின் நின்று கும்பிட்டவர், கருவறை தம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி திரும்பி, ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே ஒரு மூச்சு விடும் நிதானத்தோடு சுற்றத் தொடங்கினார். துள்ளி ஓடிய பேரனை, “டேய் அப்பு, கோயிலச் சுத்தறவன் நிறைமாசக் கர்ப்பிணி தலையில எண்ணெக் குடத்த வச்சு நடக்கற மாதிரி நடக்கணும், இது பள்ளிக்கூட மைதானமில்ல” என்று அடக்கினார். பிரதட்சிணத்துக்கு நம் பெரியவர்கள் சொல்லி வைத்த இலக்கணம் இதுவே. நிதானத்தையன்றி வேறெதையும் அது கேட்பதில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சிவாலயச் சுவரைச் சுற்றுவதில் ஒரு கிரமம் உண்டு. தெற்கே தட்சிணாமூர்த்தி, பின்புறம் மேற்கே லிங்கோத்பவர், வடக்கே பிரம்மாவோ துர்க்கையோ, அபிஷேக நீர் வழியும் கோமுகைக்கு அருகே சண்டேசர். சந்நிதிக்கு நேரே நின்று கர்ப்பூர ஆரத்தி பார்த்துவிட்டுத் திரும்புகிறவனுக்கு இவர்களில் ஒருவரும் தெரிவதில்லை. அடியையும் முடியையும் தேடித் திருமாலும் பிரம்மாவும் தோற்ற கதையைச் சிற்பிகள் கருவறையின் முதுகுப் பக்கத்திலேயே வைத்தார்கள். சுற்றி வந்தவனுக்குத்தான் அது கிட்டும்.

சண்டேசர் இருக்கும் இடத்தில் பேரன் விரலைச் சொடுக்கப் போனான். கிழவர் கையைப் பற்றிக்கொண்டார்.

“சொடுக்கக் கூடாதப்பு. அவர் நிஷ்டையில இருக்கார். கையத் தொடச்சுக் காட்டு. சாமி சொத்துல நான் எதையும் எடுத்துட்டுப் போகலைன்னு அவர்கிட்டக் கணக்குச் சொல்றது அது.”

சிவனுக்குச் சார்த்திக் களைந்த மாலையும் நிர்மால்யமும் சண்டேசரைச் சேரும் என்பதால் எழுந்த வழக்கம் அது. இந்நாளில் நூலைப் பிரித்து அவர் மேல் போடுகிறவர்களையும், உறங்குபவரை எழுப்புவதுபோல் ஓங்கிக் கை தட்டுகிறவர்களையும் பினாங்குக் கோயில்களிலும் கண்டிருக்கிறேன். சொல்லித் தர ஒரு தாத்தா வாய்க்காத குறை என்றே நினைக்கிறேன்.

மூன்று சுற்று முடிந்தது. நான் கொடிமரத்தை நோக்கித் திரும்பினேன். கிழவரோ நான்காவதற்கு அடியெடுத்து வைத்தார். பேரன் விடவில்லை.

“பிள்ளையாருக்கு ஒண்ணு, சிவனுக்கு மூணு, அம்மனுக்கு நாலுன்னு நீங்கதானே தாத்தா சொன்னீங்க? இங்க எதுக்கு நாலு சுத்து?”

கிழவர் உடனே விடை சொல்லவில்லை. தெற்குச் சுவரைக் கடந்து மேற்கே வந்த பிறகுதான் பேசினார்.

“இது எங்க அய்யாவோட சுத்துடா. எங்க அய்யா ஒவ்வொரு சித்திரைக்கும் மதுரைக்கு நடந்தே போவாரு. மீனாட்சி கல்யாணத்தன்னிக்குக் கோபுர வாசலுக்கு வெளியில தெருவுல நின்னு, கோபுரத்தப் பாத்துக் கும்பிட்டுட்டுத் திரும்பி வருவாரு. நம்ம தெருச் சனத்த உள்ள விடாத காலம். உள்ள எப்படியிருக்கும்னு நான் கேட்டா, ‘சாமியச் சுத்தி யானைங்க நிக்குதாம், பாத்தவங்க சொன்னாங்க’ம்பாரு. எத்தன யானைன்னு அவருக்குத் தெரியாது. ஒரு மாசி மாசம் போய்ச் சேந்துட்டாரு. அந்த வருசமே வைத்தியநாதய்யர் நம்ம ஆளுங்களக் கூட்டிக்கிட்டு உள்ள போயிட்டாரு.”

அந்த வருஷம் 1939. ஜூலை 8-ஆம் தேதி மதுரை அ. வைத்தியநாத ஐயர், பின்னாளில் அமைச்சராக விளங்கிய கக்கன் முதலிய தாழ்த்தப்பட்ட வகுப்பினரையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். பட்டர்களில் ஒரு பகுதியினர் கோபித்துக்கொண்டு பூஜையை நிறுத்தினர். ஆயினும் கோயில் அதிகாரியாயிருந்த ஆர். எஸ். நாயுடு பிரவேசத்துக்குத் துணை நின்றார். ராஜாஜியின் சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்து, பிரவேசித்தவர்களையும் அனுமதித்தவர்களையும் வழக்கிலிருந்து காத்தது. மாகாணத்துக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல்தான். இடைப்பட்ட காலத்தில், சட்டம் எந்த ஊரில் எட்டியது, எந்த ஊரில் எட்டவில்லை என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு கதை.

“அந்த ஆடியில நான் போனேன்” என்று கிழவர் தொடர்ந்தார். “சொக்கநாதர் கருவறையச் சுத்தி வந்தேன். யானைங்க கல்லுல நின்னு விமானத்தத் தாங்குதுங்க. ஒரு பக்கம் நின்னா எல்லாத்தையும் எண்ண முடியாது, முழுக்கச் சுத்தணும். எட்டு. வெளிய வந்ததும் எங்க அய்யாகிட்டச் சொல்லணும்னு தோணிச்சு. சொல்ல அவரில்ல. அப்புறம் எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் எனக்கு மூணு, அவருக்கு ஒண்ணு.”

பேரன் சிறிது யோசித்தான். “அவருக்கு எட்டுன்னு இப்பத் தெரிஞ்சிருக்குமா தாத்தா?”

“அதச் சொல்லத்தானே தெனமும் சுத்தறேன்” என்றார் கிழவர், கொஞ்சமும் தயங்காமல்.

கடல் கடந்து போன என்னைப் போன்றவர்கள், ஊரை விட்டதற்குக் கூலியைக் காரணமாகச் சொல்வது வழக்கம், அது பொய்யுமல்ல. ஆனால் கப்பலேறியவர்களில் பலர், சாலையில் செருப்போடு நடக்கவும், கோயில் வாசலில் ஒதுங்காமல் நிற்கவும் கூடிய ஓர் ஊரைத் தேடியே போனார்கள் என்பதைப் பினாங்கில் என்னோடு வேலை செய்தவர்களின் வாயாலேயே கேட்டிருக்கிறேன். சித்தப்பா அவர்களோடு போகவில்லை. இங்கேயே இருந்து, மதுரைக் கோயில் வாசல் திறக்கும் வரை காத்து, திறந்த மறுமாதமே உள்ளே நடந்தார். எங்களில் எவர் செய்தது பெரிது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் செய்தது கடினம் என்று மட்டும் சொல்வேன்.

மதுரைக்குப் போகிற வாசகர்கள் சொக்கநாதர் கருவறையை ஒரு முறை முழுவதுமாக வலம் வந்து, விமானத்தைத் தாங்கும் யானைகளை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். எட்டு இருக்கும். 1939 ஜூலைக்கு முன் இந்நாட்டு மக்களில் ஒரு பெரும் பகுதியினர் அந்தக் கணக்கைப் பிறர் சொல்லித்தான் அறிய முடிந்தது.